'10% வட்டிதான் அக்கா'... பைக் லோனில் சொல்லும் ஃபிளாட் வட்டி உண்மையில் எவ்வளவு? போனிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

பைக் ஷோரூமில் வண்டியைப் பார்த்து, கலர் சொல்லி, விலை பேசி முடித்ததும் அடுத்த டேபிளில் ஃபைனான்ஸ் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். "வெறும் 10 பர்சென்ட் வட்டிதான், மாசம் 2,600 கட்டினா போதும்" என்பார். சிலர் இன்னும் இறக்கி, "83 பைசா வட்டிதான்" என்று சொல்வார்கள். பேங்க்கில் கேட்டால் 12 சதவீதம் என்கிறார்கள், இங்கே 10 சதவீதம்தானே என்று பலரும் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்த 10 சதவீதமும் பேங்க்கின் 12 சதவீதமும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. ஒன்று ஃபிளாட் வட்டி, இன்னொன்று குறையும் நிலுவைக்கான வட்டி. இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால் எது மலிவு என்ற முடிவே மாறிவிடும். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

பிள்ளையார்குப்பத்தில் ஒரு ஸ்கூட்டர்

புதுச்சேரி – கடலூர் சாலையில், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கும் பிள்ளையார்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். (வில்லியனூர் பக்கமும் ஒரு பிள்ளையார்குப்பம் உண்டு. நாம் சொல்வது பாகூர் பக்கத்தில் இருப்பதை.) அங்கே மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு அக்கா, ராத்திரி டியூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் ஸ்கூட்டர் வாங்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் தொகையும் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கு போடும் முறை எந்த ஷோரூமுக்கும் பொருந்தும்.

வண்டி ஆன்ரோடு விலை 1,02,000 ரூபாய். கையில் இருந்து 30,000 ரூபாய் முன்பணம் கட்டுகிறார். மீதி 72,000 ரூபாய்க்கு லோன். வட்டி 10 சதவீதம் ஃபிளாட், 3 வருஷம், அதாவது 36 மாத தவணை.

ஃபிளாட் கணக்கு ரொம்ப சுலபமானது. அதனால்தான் அது கடையில் இன்னும் புழங்குகிறது. 72,000-க்கு 10 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 7,200 ரூபாய் வட்டி. மூன்று வருஷத்துக்கு 21,600. அசலோடு சேர்த்தால் 93,600. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 2,600 ரூபாய். அசலில் 2,000, வட்டியில் 600 என்று ஃபைனான்ஸ் ஆள் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. கூட்டலும் வகுத்தலும் சரியாகவே இருக்கும்.

அப்புறம் எங்கே இடிக்கிறது?

திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் வட்டி

முதல் மாதம் அந்த அக்காவிடம் நிறுவனத்தின் பணம் 72,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு 600 ரூபாய் வட்டி. நூற்றுக்கு 83 பைசா, சரிதான்.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்குப்படியே மாதம் 2,000 அசல் கழிந்திருந்தால், 36,000 ரூபாயை அக்கா திருப்பிக் கொடுத்தாயிற்று. அவரிடம் மிச்சம் இருப்பது 36,000 மட்டும். ஆனால் அடுத்த தவணையிலும் வட்டி அதே 600. இப்போது நூற்றுக்கு 1 ரூபாய் 67 பைசா ஆகிவிட்டது.

இரண்டு வருஷம் முடிந்ததும் மிச்சம் 24,000. வட்டி அதே 600. நூற்றுக்கு இரண்டரை ரூபாய். கடைசி மாதத்தில் அக்காவிடம் இருப்பது வெறும் 2,000 ரூபாய். அதற்கும் 600 ரூபாய் வட்டி. நூற்றுக்கு 30 ரூபாய், அதுவும் ஒரே மாதத்துக்கு! எந்தக் கந்து வட்டிக்காரரும் கேட்கத் தயங்குகிற ரேட் இது.

ஃபிளாட் என்பது இதுதான். முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி நாள் வரை வட்டி போடுவது. இடையில் நீங்கள் மாதாமாதம் திருப்பிக் கொடுத்த அசல் வட்டிக் கணக்கில் கழிவதே இல்லை. குறையும் நிலுவை முறையில், ஒவ்வொரு மாதமும் அப்போது மிச்சம் இருக்கும் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி.

நம்ம ஊர் பாஷையில் சொன்னால்...

கிராமத்தில் கைமாத்து வாங்கும்போது "ஒன்றரை வட்டி", "ரெண்டு வட்டி" என்று பேசுவோம். மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மறு மாதத்திலிருந்து மிச்சப் பணத்துக்கு மட்டும்தான் வட்டி கேட்பார்கள். கொடுத்த பணத்துக்கும் சேர்த்து வட்டி கேட்டால் தெருவே கூடிவிடும். யோசித்துப் பார்த்தால் குறையும் நிலுவை முறை நமக்குப் புதுசே இல்லை. ஷோரூமுக்குள் போனால்தான் அதை மறந்துவிடுகிறோம்.

அதனால் அந்த அக்கா கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த 10 சதவீத லோன், நம்ம ஊர்க் கணக்கில் எத்தனை வட்டி? 83 பைசா வட்டியா, ஒரு வட்டியா, ஒன்றரை வட்டியா?

பதில்: கிட்டத்தட்ட ஒன்றரை வட்டி. வருஷத்துக்கு 17.92 சதவீதம். எப்படி வந்தது என்று பார்ப்போம்.

சராசரி போட்டால் போதுமா?

நிறையப் பேர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். தொடக்கத்தில் பாக்கி 72,000, கடைசி மாதத்தில் 2,000. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி பாக்கி 37,000. இந்த 37,000-க்கு வருஷம் 7,200 வட்டி என்றால் 19.46 சதவீதம். "ஃபிளாட்டை அப்படியே டபுள் பண்ணிக்கோ" என்று சொல்வதும் இதே கணக்கின் தோராயம்தான்.

விஷயம் புரிவதற்கு இது நல்ல வழி. ஆனால் விடை கொஞ்சம் கூடுதலாக வரும். காரணம், தவணையில் மாதம் 2,000 அசல் கழிகிறது என்பதே காகிதத்தில் எழுதிய சமாதானம்தான். உண்மையில் லோன் கணக்கில் நீங்கள் கட்டும் 2,600-லிருந்து அந்த மாத பாக்கிக்கான வட்டியை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம்தான் அசலில் கழியும். தொடக்கத்தில் பாக்கி அதிகம், அதனால் வட்டியும் அதிகம், அசல் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே சராசரி பாக்கி 37,000-ஐ விட அதிகம், சுமார் 40,000. வட்டி விகிதம் அந்த அளவுக்குக் குறைந்து 17.92-ல் நிற்கிறது.

உண்மையான வட்டி என்பதற்கு ஒரே இலக்கணம்தான். ஏதோ ஒரு மாத வட்டி விகிதத்தை எடுத்து, மாதாமாதம் பாக்கிக்கு அந்த வட்டியைப் போட்டு, 2,600 கழித்துக்கொண்டே வந்தால், 36-வது தவணையில் பாக்கி சரியாகப் பூஜ்யம் ஆக வேண்டும். நம்ம கணக்கில் அந்த விகிதம் மாதம் 1.4932 சதவீதம்.

சரிபார்க்கலாம். முதல் மாதம் 72,000-க்கு 1.4932 சதவீதம் என்றால் வட்டி 1,075 ரூபாய். கட்டிய 2,600-ல் அது போக 1,525 அசலில் கழிகிறது. பாக்கி 70,475. இரண்டாவது மாத வட்டி 1,052, அசல் 1,548. இப்படியே வட்டி இறங்கி, அசல் ஏறி, கடைசித் தவணையில் வட்டி வெறும் 38 ரூபாய், அசல் 2,562. பாக்கி பூஜ்யம். மொத்தம் கட்டியது அதே 93,600, மொத்த வட்டியும் அதே 21,600. ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மாறியது அந்த வட்டிக்கு வைக்கும் பெயர்தான். ஒருவர் அதை 10 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 17.92 என்கிறார்.

போனில் கண்டுபிடிக்க இரண்டு வழி

இந்த விகிதத்தைப் பேனா பேப்பரில் நேரடியாகக் கண்டுபிடிக்கும் சுலபமான சூத்திரம் இல்லை. ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கவலை வேண்டாம், அந்த வேலையைப் போன் செய்துவிடும்.

முதல் வழிக்கு எந்த பேங்க் வெப்சைட்டிலும் இருக்கும் இஎம்ஐ கால்குலேட்டரே போதும். பேங்க்குகளின் கால்குலேட்டர்கள் பொதுவாகக் குறையும் நிலுவை முறையில்தான் கணக்குப் போடும். லோன் தொகை 72,000, காலம் 36 மாதம் என்று போடுங்கள். வட்டியை 15 சதவீதம் என்று வைத்தால் தவணை 2,496 என்று காட்டும். நம்ம தவணை 2,600, அப்படியென்றால் வட்டி இன்னும் அதிகம். 17 வைத்துப் பார்த்தால் 2,567. 18 வைத்தால் 2,603. ஆக 18-க்குக் கொஞ்சம் கீழே. இவ்வளவு தெரிந்தாலே முடிவெடுக்கப் போதும். ஷோரூம் டேபிளில் உட்கார்ந்தபடியே இரண்டு நிமிஷத்தில் செய்யலாம். கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்ஸெல். ஒரு கட்டத்தைத் தொட்டு இதை அப்படியே டைப் செய்யுங்கள்:

```
=RATE(36,-2600,72000)*12
```

36 என்பது தவணை எண்ணிக்கை. 2600 உங்கள் கையிலிருந்து போகும் பணம், அதனால் முன்னால் கழித்தல் குறி. 72000 உங்களுக்கு வந்த பணம். விடை 0.1792 என்று வரும். அதைச் சதவீதமாகப் பார்த்தால் 17.92.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடைக்குப் பதிலாக பிழைச் செய்தி வரும். கடைசியில் 12-ஆல் பெருக்க மறந்தால் 0.0149 என்று மாத வட்டி மட்டும் வரும். இந்த இரண்டாவது தப்பு ஒரு விதத்தில் நல்லதுதான். 0.0149-ஐ நூறால் பெருக்கினால் 1.49. அதுதான் நாம் தேடிய 'ஒன்றரை வட்டி'.

போனே கையில் இல்லையா? ஃபிளாட் ரேட்டை 1.8-ஆல் பெருக்குங்கள். 10 சதவீத ஃபிளாட் என்றால் ஒரு வருஷ லோனுக்கு உண்மை வட்டி 17.97, இரண்டு வருஷத்துக்கு 18.16, மூன்று வருஷத்துக்கு 17.92, நான்கு வருஷத்துக்கு 17.60, ஐந்து வருஷத்துக்கு 17.27. எல்லாமே 18-ஐச் சுற்றித்தான் நிற்கின்றன. ஃபிளாட் ரேட் ஏற ஏற இந்தப் பெருக்கல் எண் கொஞ்சம் இறங்கும். 15 சதவீத ஃபிளாட்டுக்கு மூன்று வருஷத்தில் உண்மை வட்டி சுமார் 26 சதவீதம், அதாவது 1.73 மடங்கு. தோராயத்துக்கு 1.8 போதும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மட்டும் சரியான எண்ணைப் பாருங்கள்.

9 பெரிதா, 12 பெரிதா?

இப்போது அந்த அக்காவிடம் இரண்டு ஆஃபர் இருக்கிறது என்று வைப்போம். ஷோரூம் ஃபைனான்ஸ் ஆள் பேரத்தில் இறங்கி வந்து, "சரி அக்கா, உங்களுக்காக 9 பர்சென்ட் ஃபிளாட்" என்கிறார். சம்பளக் கணக்கு இருக்கும் பேங்க்கில் 12 சதவீதம், குறையும் நிலுவை.

9 சதவீத ஃபிளாட்டில் வட்டி 19,440. தவணை 2,540. மொத்தம் கட்டுவது 91,440. பேங்க்கின் 12 சதவீதத்தில் தவணை 2,391 ரூபாய் சொச்சம். மொத்தம் சுமார் 86,090, வட்டி 14,090 சொச்சம்.

அதாவது 12 சதவீதம் என்று சொன்ன பேங்க் லோன், 9 சதவீதம் என்று சொன்ன ஷோரூம் லோனைவிட சுமார் 5,350 ரூபாய் மலிவு. ஏறக்குறைய இரண்டு மாதத் தவணை! 9 ஃபிளாட்டின் உண்மை வட்டி 16.24 சதவீதம் என்று தெரிந்திருந்தால் இதில் குழப்பமே வந்திருக்காது.

ரேட் எதுவும் பார்க்காமல் ஒப்பிடவும் ஒரு வழி உண்டு. லோன் தொகையும் மாதங்களும் ஒன்றாக இருந்தால், எதில் தவணை குறைவோ அதுவே மலிவு. ஆனால் ஃபைனான்ஸ் டேபிளில் மாதங்களை மாற்றிச் சொல்வார்கள். "அவங்க 2,391-ஆ? நாங்க 2,100-க்கே தர்றோம்" என்று 48 மாதத்துக்கு இழுத்துவிடுவார்கள். தவணை குறைந்ததே என்று சந்தோஷப்படும் இடத்தில் 12 மாதம் கூடியிருக்கும். அந்த நேரத்தில் ரேட்டைத்தான் ஒப்பிட வேண்டும்.

கையில் வராத பணத்துக்கும் வட்டி

17.92 என்பதோடு கதை முடியவில்லை. லோன் 72,000 என்று எழுதியிருந்தாலும் வண்டிக்காக அவ்வளவும் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

பிராசஸிங் ஃபீஸ், டாக்குமெண்ட் சார்ஜ் என்று 2,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள் என்று வைப்போம். அக்காவுக்கு உண்மையில் கிடைத்தது 69,500. ஆனால் தவணை 72,000-க்கு உரிய அதே 2,600. அதனால் கட்டத்தில் 72000-க்குப் பதிலாக கையில் வந்த தொகையைப் போட வேண்டும்:

```
=RATE(36,-2600,69500)*12
```

விடை சுமார் 20.5 சதவீதம். வெறும் 2,500 ரூபாய்தானே என்று விட்டது, வட்டியை இரண்டரை சதவீதம் ஏற்றிவிட்டது. சிறிய லோனில்தான் இந்த மாதிரி கட்டணங்கள் அதிகமாகக் கடிக்கும். அதே 2,500 ரூபாயை 8 லட்சம் கார் லோனில் பிடித்தால் பெரிதாகத் தெரியாது.

லோனோடு சேர்த்து விற்கும் இன்ஷூரன்ஸும் இப்படித்தான். வண்டிக்கான இன்ஷூரன்ஸ் சட்டப்படி தேவை, அதை விடுங்கள். "லோன் எடுத்தவருக்கு ஏதாவது ஆனால்" என்று தனியாக ஒரு பாலிசி போட்டு, அதன் பிரீமியத்தையும் லோன் தொகையிலேயே சேர்த்துவிட்டால், அந்த பிரீமியத்துக்கும் மூன்று வருஷம் வட்டி கட்டுகிறீர்கள். பாலிசி வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கணக்கில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, 'அட்வான்ஸ் இஎம்ஐ'. முதல் தவணையை லோன் கொடுக்கும் அன்றே வாங்கிக்கொள்வது. 36 தவணைதான், தொகையும் மாறவில்லை, ஆனால் எல்லாத் தவணையும் ஒரு மாதம் முன்னால் நகர்கிறது. வேறு எந்தக் கட்டணமும் இல்லாவிட்டாலும் இதனாலேயே உண்மை வட்டி 17.92-லிருந்து 19.06 ஆகிவிடும். ஷீட்டில் இதைப் பார்க்க:

```
=RATE(36,-2600,72000,0,1)*12
```

கடைசியில் இருக்கும் 1, தவணையை மாதத் தொடக்கத்திலேயே கட்டுவதைக் குறிக்கிறது.

பாதி கட்டியாச்சு, பாக்கி ஏன் பாதி இல்லை?

ஃபிளாட் கணக்கில் அதிகச் சண்டை நடக்கும் இடம் இதுதான். லோனைப் பாதியில் முடிக்கப் போகும்போது.

நம்ம அக்கா 18 தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டார். சீட்டுப் பணம் வந்தது, லோனை முடித்துவிடலாம் என்று போகிறார். அவர் மனசில் இருக்கும் கணக்கு ஷோரூமில் எழுதிக் கொடுத்த காகிதம்: மாதம் 2,000 அசல், 18 மாதத்தில் 36,000 போச்சு, மிச்சம் 36,000. ஆனால் அலுவலகத்தில் 40,773 ரூபாய் என்கிறார்கள். "4,773 ரூபாய் எக்ஸ்ட்ரா கேக்குறாங்க, ஏமாத்துறாங்க" என்று கோபம் வரும்.

இந்த இடத்தில் அவர்கள் சொல்லும் தொகை கணக்குப்படி சரி. விற்கும்போது ஃபிளாட்டில் பேசிய லோனை, முடிக்கும்போது குறையும் நிலுவையில் பார்க்கிறார்கள். மேலே பார்த்தபடி தொடக்க மாதங்களில் தவணையில் கணிசமான பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. முதல் வருஷத்தில் அக்கா கட்டிய 31,200-ல் 11,320 ரூபாய் வட்டி. காகிதக் கணக்குப்படி அது 7,200-தான் இருந்திருக்க வேண்டும். 12 மாத முடிவில் உண்மையான பாக்கி 52,120, காகிதத்தில் 48,000. 24 மாத முடிவில் 28,372, காகிதத்தில் 24,000.

வேறு மாதிரி சொன்னால், அந்த "2,000 அசல் + 600 வட்டி" காகிதம் லோனின் எந்த நாளிலும் உண்மை இல்லை. ஆகவே லோன் எடுக்கும்போதே மாதவாரியான தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் தவணைக்கு நேரே வட்டி 1,075 என்று இருக்கிறதா, 600 என்று இருக்கிறதா என்று பார்த்தாலே லோன் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

மேலே சொன்ன 40,773 பாக்கி அசல் மட்டும்தான். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் இருந்தால் அது தனி. ஃப்ளோட்டிங் வட்டி லோன்களுக்கு முன்கூட்டி அடைப்புக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தி ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் உத்தரவு போட்டது. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும், புதுப்பிக்கும் லோன்களுக்கு அது பொருந்தும். ஆனால் பைக் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி லோன். "ரிசர்வ் வங்கி ரத்து பண்ணிடுச்சே" என்று வாட்ஸ்அப் பார்வர்டை நம்பிப் போக வேண்டாம், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கும் விடை

இவ்வளவு கணக்கும் நீங்களே போடத் தேவையில்லாதபடி ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே, கடன் கொடுப்பவர் ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே முறையில் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இங்கே ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15-ம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் பேங்க்குகளும் என்பிஎஃப்சி என்னும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் எல்லாப் புதிய தவணை லோன்களுக்கும் 'கேஎஃப்எஸ்' என்ற முக்கிய விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும். பைக் லோனும் இதில் அடக்கம்.

அந்தத் தாளில் 'ஏபிஆர்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் நாம் தேடும் எண். வட்டி, பிராசஸிங் ஃபீஸ், நிறுவனம் மற்றவர்களுக்காக வசூலிக்கும் இன்ஷூரன்ஸ் போன்ற கட்டணங்கள் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம். நம்ம கணக்கில் ஷோரூம் ஆள் வாயால் சொன்னது 10, தாளில் இருக்க வேண்டியது 20.5 அருகில். தவணை தவறினால் போடும் அபராதம், செக் திரும்பினால் பிடிக்கும் பணம் போன்றவை ஏபிஆரில் சேராது. அவை தனியாக அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

இந்தத் தாளைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருந்தால் போதும். உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும், அதனால் தமிழில் கேட்கலாம். கொடுத்த பிறகு குறைந்தது 3 வேலை நாள் அந்த விதிமுறை மாறாமல் இருக்க வேண்டும், அதனால் "இன்னிக்கே சைன் பண்ணலைன்னா ரேட் போயிடும்" என்ற அவசரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஷீட்டில் போட்டுப் பார்க்கலாம். தாளில் சொல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லோன் காலத்தில் எப்போதும் வசூலிக்கக் கூடாது.

நடைமுறையில் இந்தத் தாள் போனில் வரும் நீளமான பிடிஎஃப்-க்குள் எங்கேயோ ஒரு பக்கமாக இருக்கும். ஓடிபி சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தும்போது யாரும் அதைத் திறப்பதில்லை. ஓடிபி சொல்வதுதான் அங்கே கையெழுத்து. அதனால் ஓடிபி-க்கு முன்னால் பிடிஎஃப்-ஐத் திறந்து, ஏபிஆர் வரியையும் தவணை அட்டவணையின் முதல் வரியையும் மட்டுமாவது பாருங்கள்.

ரிசர்வ் வங்கியின் கீழ் வராத உள்ளூர் ஃபைனான்ஸ்காரரிடம் ஆர்சி புக்கை அடமானம் வைத்து வாங்கும் பணத்துக்கு இந்தத் தாள் கிடைக்காது. அங்கே நீங்களே =RATE போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தவணை எண்ணிக்கை, தவணைத் தொகை, கையில் வந்த பணம், இந்த மூன்றும் தெரிந்தால் எந்த லோனுக்கும் விடை வந்துவிடும். தினத் தவணை, வாரத் தவணை என்றால் கடைசியில் 12-க்குப் பதில் 365 அல்லது 52 போடுங்கள்.

ஏபிஆர் தாளைக் கேட்டும் தரவில்லை, தாளில் இல்லாத கட்டணம் பிடித்துவிட்டார்கள் என்றால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற இலவச எண். புகாரோடு லோன் ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மெண்டில் பணம் வந்த வரி, ஷோரூமில் எழுதிக் கொடுத்த அந்தத் துண்டுக் காகிதம் இருந்தால் அதன் போட்டோ ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.